ரத்தத்தில் பனி, ஆனாலும் உயிர்

தென் துருவக் கண்டத்தின் கரையை ஒட்டி மக்மர்டோ வளைகுடா இருக்கிறது. அங்கே கடலின் மேல் ஆள் உயரத்துக்கும் அதிகமான கனத்தில் பனி மூடியிருக்கும். அதில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கினால் மீன் கிடைக்கும். கிடைப்பது துடிப்பான மீன். அது நீந்தி வந்த நீரின் வெப்பநிலையோ ஆண்டின் பெரும்பகுதியும் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ். உப்பு இருப்பதால்தான் கடல் அந்த அளவுக்கும் நீராகவே நிற்கிறது. இன்னும் சிறிது குளிர்ந்தால் அதுவும் உறையத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மீனின் ரத்தத்தில் கடல்நீரில் இருக்கும் அளவு உப்பு இல்லை. சாதாரணக் கடல்மீனின் ரத்தம் மைனஸ் 0.7 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். அப்படியானால் மக்மர்டோவின் நீரில் மீன் நுழைந்ததுமே அதன் ரத்தம் கட்டியாகியிருக்க வேண்டும். ஆனால் மீன் தலைமுறை தலைமுறையாக அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழ்கிறது.

இதற்குப் பாதி விடை 1950-களில் வட துருவத்துப் பக்கமிருந்து வந்தது. பெர் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கனடாவின் லாப்ரடார் கரையில் ஹெப்ரான் என்னும் கடல்நுழைவில் ஆழத்து மீன்களைப் பிடித்து ஆராய்ந்தார்கள். அடிநீரின் வெப்பநிலை மைனஸ் 1.7 டிகிரிக்குப் பக்கம். மீன்களின் ரத்தம் உறையவேண்டிய நிலை அதற்கு வெகு மேலே. எனினும் அவை நலமாகவே இருந்தன. ஒரு துண்டு பனிக்கட்டியால் மீனைத் தொட்டதும் கதை மாறியது. உறைவு உடல் முழுதும் பரவி மீன் இறந்தது.

நீர் உறைவதற்குக் குளிர் மட்டும் போதாது, ஒரு தொடக்கப் படிகமும் வேண்டும். ஃப்ரீசரில் அசையாமல் வைத்த சுத்தமான தண்ணீர் பாட்டில் சில சமயம் உறைநிலைக்குக் கீழே போயும் நீராகவே இருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். எடுத்துத் தட்டினால் கண்முன்னே வெளுத்து உறையும். ஆழத்து மீன்கள் அந்த பாட்டிலைப் போன்றவை. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் கடல்நீரின் உறைநிலை இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் அங்கே பனித்துகள் உருவாவதில்லை, மீனைத் தொடுவதுமில்லை. தொடாதவரை அதற்கு ஆபத்தில்லை.

ஆனால் மக்மர்டோவின் மேல்நீரில் வாழும் மீனுக்கு அந்த வசதி கிடையாது. பனிக்கூரையின் அடிப்பக்கம் மெல்லிய தட்டுத்தட்டான படிகங்கள் புதர்போலத் தொங்குகின்றன. போர்க்ரெவிங்க் என்ற ஆய்வுப் பயணியின் பெயரைத் தாங்கிய சிறு மீன் ஒன்று அந்தப் படிகப் புதருக்குள்ளேதான் ஒளிந்து வாழ்கிறது. மூச்சு விடும்போது செவுளில் பனி உரசுகிறது. கடல்மீன்கள் கடல்நீரைக் குடிப்பவை. குடிக்கும் நீரோடு பனித்துகளும் வயிற்றுக்குள் போகிறது. இந்த மீன் நாள்தோறும் பனியைத் தொடுகிறது, ஆனால் உறைவதில்லை.

1960-களின் தொடக்கத்தில் மக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு வந்த ஆர்தர் டிவ்ரீஸ் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளரைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். தொட்டியில் பனித்துகள் இருந்தால் ஆழத்து மீன் செத்தது. மேல்நீர் மீன் அதே தொட்டியில் சும்மா நீந்தியது. வேறுபாடு ரத்தத்தில் இருக்க வேண்டும் என்று அவர் தேடினார். முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பை. குல்ஃபி செய்பவர் பனிக்கட்டியில் கல்லுப்பைப் போடுவது உறைநிலையைக் கீழே இறக்கத்தானே? இந்த மீன்களின் ரத்தத்தில் உப்பு மற்றக் கடல்மீன்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் அது மைனஸ் 1.1 டிகிரி அளவுக்குத்தான் காப்பாற்றும். மிச்சத்தைக் காப்பது எது?

சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸ் நமக்குத் தெரியும்: மெல்லிய சவ்வின் வழியே சிறிய மூலக்கூறுகள் வெளியேறிவிடும், பெரியவை உள்ளேயே தங்கும். டிவ்ரீஸும் மீன்ரத்தத்தின் தெளிநீரை இப்படி வடித்து உப்பை நீக்கினார். உப்பு போன பின்பும் அது உறையத் தயங்கியது. அப்படியானால் காவலாளி பெரிய மூலக்கூறு. அது சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் என்று தெரியவந்தது. டொனால்ட் வோல்ஷ்லாகுடன் சேர்ந்து 1969-இல் அவர் இதை வெளியிட்டார்.

அந்தப் புரதத்தின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. திரியோனின், அலனின், அலனின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஒரே சரத்தில் மாலை கோத்தது போலத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு திரியோனின்மீதும் இரண்டு சர்க்கரை அலகுகள் குஞ்சம்போலத் தொங்குகின்றன. சரம் குட்டையாகவும் நெட்டையாகவும் பல அளவுகளில் ரத்தத்தில் கலந்திருக்கும். ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் ஏறத்தாழ 35 மில்லிகிராம் இருக்கும். எண்ணிக்கைக்கு எண்ணிக்கை ஒப்பிட்டால், உப்பின் துகளைவிட இது பல நூறு மடங்கு வலிமையாக வேலை செய்கிறது. அதாவது உப்பு செய்யும் வேலையை இது செய்யவில்லை. வேலையின் முறையே வேறு.

இந்த முறையை விளக்கியவர்கள் ஜேம்ஸ் ரேமண்டும் டிவ்ரீஸும்; ஆண்டு 1977. புரதம் நீரைத் தொந்தரவு செய்வதில்லை, பனியைப் பிடித்துக்கொள்கிறது. பனிப்படிகம் ஒன்று ரத்தத்தில் நுழைந்ததும் இந்தச் சரங்கள் அதன் முகத்தில் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பனி வளர முடியாது; இரண்டு புரதங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் மட்டும்தான் அது மேலே எழும்ப முடியும். இலவம்பஞ்சு மெத்தையைப் பாருங்கள். தையல் போட்ட இடம் அமுங்கியும் நடுப்பகுதி உப்பியும் இருக்கும். பனியின் முகமும் அப்படித்தான் உப்புகிறது. உப்பிய பரப்பில் இருக்கும் நீர் மூலக்கூறுக்குப் பக்கத்தில் அணைத்துப் பிடிக்கும் அண்டையர் குறைவு. அதனால் எளிதில் கழன்று நீருக்குள் போய்விடும். அங்கே பனி தொடர்ந்து சேர வேண்டுமானால் இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அந்தக் கூடுதல் குளிர் கடலில் இல்லை. படிகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெயில் மிதக்கும் மிகச் சிறிய ரத்தநீர்த் துளியை உறையவைத்து, மெல்ல மெல்லச் சூடாக்கி, ஒரே ஒரு படிகம் மட்டும் மிஞ்சும்வரை உருக்குவார்கள். பின்பு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே குளிர்விப்பார்கள். சாதாரண ரத்தநீரானால் குளிர் சற்றுக் கூடியதுமே படிகம் பரந்து வளரும். துருவமீனின் ரத்தநீரில் அது ஒரு டிகிரிக்கும் அதிகமான வீச்சுக்கு அசையாமல் கிடக்கும். உருகும் நிலைக்கும் வளரும் நிலைக்கும் இடையே இப்படி ஓர் இடைவெளி விழுவதுதான் இந்தப் புரதத்தின் கையொப்பம். எந்த மீனின் ரத்தத்திலும் இந்த இடைவெளி தெரிந்தால் அதில் உறையெதிர் புரதம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் காவலுக்கு எல்லை உண்டு. மைனஸ் இரண்டையும் தாண்டிக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படிகத்திலிருந்து ஊசிகள் சட்டென்று வெடித்துப் பாயும். அப்போது துளி முழுதும் ஒரே நொடியில் உறையும். உயிருள்ள மீனுக்கு நடந்தாலும் அதே முடிவுதான். மக்மர்டோவின் கடல் மைனஸ் 1.9-க்குக் கீழே அதிகம் இறங்காது என்பதுதான் மீனைக் காக்கிறது.

புரதம் உருவாவது எங்கே? ரத்தப் புரதம் என்றால் கல்லீரல்தான் செய்யும் என்று வெகு காலம் நம்பினார்கள். 2006-இல் கிறிஸ்டினா செங்கும் சகாக்களும், இந்த மீன்களில் அது முக்கியமாகக் கணையத்தில்தான் தயாராகிறது என்று காட்டினார்கள். கணையநீரோடு குடலுக்குள் ஊற்றப்பட்டு, அங்கே குடித்த நீரோடு வந்த பனியைப் பிடிக்கிறது. ரத்தத்துக்கும் குடல் வழியாகவே போய்ச் சேர்கிறது என்பதே அவர்களுடைய முடிவு. பனி முதலில் தாக்கும் வாசலிலேயே காவலை நிறுத்தியிருக்கிறது மீன்.

இதை வைத்துப் பார்த்தால் 1997-இல் செங்கின் குழு வெளியிட்ட இன்னொரு செய்தியும் பொருந்தி வருகிறது. இந்தப் புரதத்தின் மரபணு, உணவைச் செரிக்கும் டிரிப்சின் என்னும் கணைய நொதியின் மரபணுவிலிருந்து பிறந்தது. அதன் தலையும் வாலும் பழைய மரபணுவின் தலையும் வாலும்தான். நடுவில் ஒன்பது எழுத்துள்ள ஒரு சிறு துண்டு நகலாகி நகலாகிப் பெருகி அந்த மூன்று அமிலச் சரமானது. செரிமானம் தொலைந்து, பனிக்காவல் வந்தது.

வட துருவத்துக் கடலிலும் ஆர்க்டிக் காட் என்னும் மீனிடம் ஏறக்குறைய இதே மூன்று அமிலச் சரம் இருக்கிறது. ஒரே பாட்டன் வழி வந்ததோ என்று தோன்றும். இல்லை. அங்கே அந்த மரபணு வேறு எங்கிருந்தோ, புரதம் எதையும் செய்யாமல் கிடந்த டிஎன்ஏ-விலிருந்து தனியாக எழுந்தது. குளிர் என்ற ஒரே நெருக்கடி இரண்டு துருவத்திலும் ஒரே விடையை இரண்டு தனி வழியில் வரவழைத்திருக்கிறது. இந்த ஆய்வுத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த ஒற்றுமைதான்.

எல்லாம் சரி, ஒட்டிப் பிடித்த பனி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. புரதம் பனியைக் கரைப்பதில்லை, வளராமல் தடுக்க மட்டுமே செய்கிறது. அந்தத் துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கிக் கொண்டுபோய் மண்ணீரலில் சேர்க்கின்றன. பிடித்துவந்த மீனின் மண்ணீரலை உறைவுநிலைக்குக் கீழே குளிர்வித்துப் பார்த்தால் இது தெரியும்: உள்ளே பனித்துகள் இருந்தால் அது சட்டென்று உறையும், இல்லாவிட்டால் நீராகவே நிற்கும். மக்மர்டோ மீன்களில் பலவற்றின் மண்ணீரலில் பனி இருந்தது.

கோடையில் கடல் சற்றே சூடேறும்போது அந்தப் பனி உருகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பால் சீகோவும் டிவ்ரீஸும் செங்கும் இன்னொருவரும் 2014-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. வளராமல் பனியைப் பிடித்திருக்கும் அதே புரதம், உருகவிடாமலும் அதைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தின் உருகுநிலையைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி சூடான நீரில் வைத்தபோதும் மீனுக்குள் இருந்த பனி உருகாமல் நின்றது. மக்மர்டோவின் கோடைக்கால வெப்பம் அந்தப் பனியை முழுதாக நீக்க அரிதாகவே போதும் என்பதை நீண்டகாலக் கடல் வெப்பப் பதிவுகளும் காட்டின. ஆக, பனியில் சாகாமல் காக்கும் புரதத்தைச் சுமக்கும் மீன், தன் உடலுக்குள் பனியையும் ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டுதான் நீந்துகிறது.