எட்டு விநாடி வீடியோவுக்கு ஐந்து வரி

"விடியற்காலையில் பாட்டி எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, காபி குடிக்கிறார்." ஏஐ வீடியோவுக்கு முதன்முதலாக ப்ராம்ப்ட் எழுதுகிறவர்கள் இப்படி ஒரு கதையையே கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் கூகுளின் வியோ 3 போன்ற கருவிகள் ஒரு முறைக்குச் சுமார் எட்டு விநாடிக் காட்சியைத்தான் உருவாக்கும். நான்கு வேலைகளை அதற்குள் திணித்தால் சில விடுபட்டுப்போகும். கையிலிருக்கும் வாளி திடீரென்று டம்ளராக மாறினாலும் வியப்பில்லை.

ஆகவே ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். வாசல் தெளிப்பதை எடுத்துக்கொள்வோம். யார், என்ன செய்கிறார், எங்கே, கேமரா எப்படி, உணர்வு என்ன என்ற வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

"எழுபது வயதுப் பாட்டி, நரைத்த கொண்டை, அரக்கு நிறப் பருத்திச் சேலை. பித்தளை வாளியிலிருந்து கையால் நீரை அள்ளி வாசலில் தெளிக்கிறார். ஓட்டு வீடு, மண் தரை, ஆளில்லாத கிராமத் தெரு. தெருவிலிருந்து இடுப்பு உயரத்தில் கேமரா, முழு உருவமும் தெரிகிறது, கேமரா அசையவில்லை. சூரியன் எழுமுன் இளநீல வெளிச்சம், லேசான பனி, அமைதி."

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. "ஆட்கள் வேண்டாம்" என்று எழுதவில்லை. அப்படி எழுதினால், ஆட்கள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கருவி கூட்டத்தையே வரவழைத்துவிடக்கூடும். வேண்டாததைச் சொல்வதைவிட, வேண்டிய "ஆளில்லாத தெரு"வைச் சொல்வது நல்லது. அடுத்து, கேமராவுக்கு ஒரே கட்டளைதான். அசையாமல் நிற்பது, மெல்ல நெருங்குவது, பக்கவாட்டில் திரும்புவது ஆகியவற்றில் ஒன்று போதும். மூன்றாவது, உணர்வு. "அழகான காலை" என்றால் எந்தப் படமும் பொருந்தும். வெளிச்சத்தின் நிறத்தையும் பனியையும் சொன்னால்தான் அந்தக் காலை கிடைக்கும்.

வந்த வீடியோவை ஒருமுறை முகத்தையும் விரல்களையும் மட்டும் பாருங்கள். மறுமுறை நீரையும் வாளியையும் பாருங்கள். நீர் தெறிக்காமல் புகைபோல மிதந்தால், செயல் வரியை மட்டும் திருத்துங்கள்: "நீர்த்துளிகள் தரையில் விழுந்து மண் ஈரமாகிறது." ஐந்து வரிகளையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரே ப்ராம்ப்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வீடியோ வரும் என்பதால், திருத்துமுன் அதையே இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

கோலம் போடும் காட்சிக்குத் தனி ப்ராம்ப்ட் எழுதி, பிறகு எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளியும் கோடும் பிசகாமல் வருவது கடினம். அதனால் கோலத்தைத் தூரத்திலிருந்தே காட்டுங்கள். முந்தைய பாட்டியைக் கருவி நினைவில் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். முதல் வரியை ஒரு சொல்கூட மாற்றாமல் மறுபடி எழுதுங்கள்.