நிச்சயதார்த்தப் படத்துக்கு என்ன எழுதுவது?

நிச்சயதார்த்தம் முடிந்த அன்று இரவே படம் முகநூலுக்குப் போய்விடுகிறது. அதற்கு மேலே எழுதப்படும் இரண்டு வரிகளைப் பெரும்பாலும் மாப்பிள்ளையோ பெண்ணோ எழுதுவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோ மாமாவோ எழுதுகிறார். எழுதும்போது நமக்குப் பழக்கமான ஒரே மாதிரி கலியாண அழைப்பிதழ்தான் என்பதால், இன்னாரின் புதல்வன், இன்னாரின் புதல்வி, இன்ன ஊர், இன்ன மண்டபம் என்று அதே வடிவம் இங்கும் வந்துவிடுகிறது. போரில் உறவுகளை இழந்த வீடுகளில் இந்த வடிவம் எங்கே இடறுகிறது, அதை விட்டுவிட்டு எப்படி எழுதலாம் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையல்ல. வன்னியில் பல வீடுகளில் காணக்கூடிய நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது.

வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அது. பெண் தன் விரலில் இருக்கும் மோதிரத்தைப் பார்த்தபடி குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறார். பெண்ணின் தலையில் பூவைச் சரிசெய்யும் சித்தியின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. வெளிநாட்டு அண்ணன் அனுப்பிய முதல் வரைவு இப்படி இருந்தது: "அமரர் … அவர்களின் அன்பு மகளுக்கும் சுவிஸில் வசிக்கும் … தம்பதிகளின் ஏக புதல்வனுக்கும் இன்று எளிமையான முறையில் நிச்சயதார்த்தம் இனிதே நிறைவேறியது."

முதற்சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. பெண்ணின் தகப்பன் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். தாய் இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்தவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகள் தெருவோரத்தில் உட்காரத் தொடங்கியபோது அவரும் போய் உட்கார்ந்தவர். அவரைப் பொறுத்தவரை "அமரர்" என்று எழுதுவது, அரசாங்கம் கேட்டும் கொடுக்காத கையெழுத்தை மகளின் நல்லநாளில் போடுவதாகும். சரி, "திரு" என்று மட்டும் போடலாமா? போட்டால் "அப்பா எங்கே, படத்தில் காணவில்லையே" என்று தெரியாதவர்கள் கேட்பார்கள். பெயரைப் போட்டாலும் ஏதாவது ஓர் அடைமொழி தேவைப்படும். எந்த அடைமொழியும் அந்த வீட்டில் ஒருவரைப் புண்படுத்தும். எனவே பெற்றோர் பெயரே வேண்டாம் என்பதுதான் இங்கே நேர்மையான வழி.

ஆனால் விடும்போது இரண்டு பக்கத்தையும் விடவேண்டும். மாப்பிள்ளையின் பெற்றோரைப் போட்டுவிட்டுப் பெண்ணின் பக்கத்தை மட்டும் விட்டால், அந்த வெற்றிடமே பேசத் தொடங்கும். இரண்டும் இல்லாதபோது அது ஒரு எழுத்து முறை என்று மட்டுமே வாசிப்பவருக்குத் தோன்றும்.

நமது பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்து தகப்பனின் பெயரிலிருந்து வருவது. பல பெண்களின் முகநூல் கணக்கில் தகப்பனின் பெயர் முழுமையாகவே இருக்கும். ஆகவே படத்தில் இருவரின் கணக்குகளையும் இணைத்தால், வரிகளில் விட்ட பெயர் அங்கே வந்து நிற்கும். இணைக்கப்பட்டவரின் நண்பர்களுக்கும் அந்தப் பதிவு போய்ச் சேரக்கூடும். முதற்பெயரை மட்டும் எழுதுவது, அல்லது பெயரே எழுதாமல் "நாங்கள்" என்று எழுதுவது போதும். ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் அப்படித்தான். எங்கள் ஊர்களில் இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தாலே குடும்பம், சாதி எல்லாவற்றையும் ஊகிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பணம். மண்டபத்தின் பெயர், பவுண் கணக்கு, பிரமாண்டம் என்ற சொல் ஆகியவை பணத்தைச் சொல்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நுழைபவை வேறு. நாட்டின் பெயர் ஒன்று. "சுவிஸில் வசிக்கும்" என்றதும் வாசிப்பவரின் மனம் சீதனம் எவ்வளவு என்ற கேள்விக்குப் போய்விடும். "நல்ல இடம் அமைந்தது" என்பதும் நம் பேச்சில் வசதியான இடம் என்றே பொருள்படும். "மாமாவின் உதவியோடு" என்று நன்றி சொன்னால் செலவு யாருடையது என்று தெரிந்துவிடும். அந்த நன்றியைத் தொலைபேசியில் சொல்வதே மாமாவுக்கும் மரியாதை.

வரைவில் இருந்த "எளிமையான முறையில்" என்ற சொல் அடக்கமாகத் தோன்றினாலும் அதுவும் பணத்தைப் பற்றிய சொல்தான். செலவழிக்க இருந்தது, ஆனால் செலவழிக்கவில்லை என்றும் வாசிக்கலாம்; செலவழிக்க இல்லை என்றும் வாசிக்கலாம். கடன் எடுத்து மோதிரம் வாங்கிய வீட்டுக்கு இரண்டு வாசிப்பும் வேண்டாதவை. ஒரு சொல் பணத்தைத் தொடுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். "ஆடம்பரமான முறையில்" என்று எழுதக் கூச்சமாக இருக்குமானால், "எளிமையான முறையில்" என்பதும் அதே அளவுகோலில்தான் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அண்ணனின் வரைவில் "இன்று நிச்சயதார்த்தம் இனிதே நிறைவேறியது" என்ற நான்கு சொற்களே மிஞ்சுகின்றன. இனித்தான் படத்தைப் பார்க்கவேண்டும். வெட்கம், மகிழ்ச்சி என்ற சொற்களை எழுதினால் அவை வெறும் அறிவிப்பாகிவிடும். "வெட்கத்தில் சிவந்த முகம்" என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும். அதனால் இந்தப் படத்துக்கு உரியதாகாது. அந்தக் கணத்தில் நடந்த ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு அதை எழுதினால் வெட்கம் தானாகத் தெரியும். படம் எடுத்தவர் என்ன சொன்னார், இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டபோது பெண் சொன்னதிலிருந்து வந்தது இது:

"இன்று எங்களுக்கு நிச்சயதார்த்தம். 'கமராவைப் பாருங்கோ' என்று மூன்று தரம் சொன்னார்கள். ஒருவர் மோதிரத்தைப் பார்த்தோம், மற்றவர் மாமரத்தைப் பார்த்தோம். சிரிப்பை மட்டும் மறைக்க முடியவில்லை."

இதில் பெயரில்லை, ஊரில்லை, செலவில்லை. "நாங்கள்" என்று எழுதியதால் யாருடைய மகன், மகள் என்ற கேள்விக்கே இடமில்லை. இன்னும் குறுக்கமாக வேண்டுமென்றால் "நிமிர்ந்து பார்க்க இன்னும் கொஞ்சநாள் எடுக்கும். இன்று மோதிரம் போட்டாச்சு" என்று எழுதலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நாம் விட்டதை மற்றவர்கள் கீழே எழுதிவிடுவார்கள். "அப்பா இருந்து பார்த்திருக்க வேணும்" என்று பெரியம்மா ஒருவர் பாசத்தோடுதான் எழுதுவார். ஆனால் அந்த வரி தாயின் கண்ணில் படும். அதனால் பதிவிடுமுன் நெருங்கிய உறவுகளின் வட்சப் குழுவில் ஒருவர் "அப்பாவைப் பற்றி அங்கே எழுத வேண்டாம், அம்மாவோடு கதையுங்கோ" என்று சொல்லிவைப்பது நல்லது. பதிவை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தால் தெரியாதவர்களின் கேள்விகளும் குறையும்.

பின்னர் வெளிநாட்டு விசாவுக்கு உறவை நிரூபிக்க இந்தப் படம் தேவைப்படலாம் என்று சிலர் விபரங்களை எல்லாம் எழுதிவைக்கிறார்கள். அதற்கு முகநூல் வரி தேவையில்லை. மூலப் படத்தைத் திகதியோடு தனியாகச் சேமித்து, பின்பக்கத்தில் நிற்பவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் போதும். அந்தக் கொப்பியில் தகப்பனின் பெயரை எந்த அடைமொழியுமில்லாமல் தாய் தன் கையாலேயே எழுதலாம்.