துரு குடிக்கும் தண்ணீர்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் 1892-இலும், பக்கத்துக் கால்கூர்லியில் அடுத்த ஆண்டும் தங்கம் கிடைத்தது. ஆட்கள் ஆயிரக்கணக்கில் போய்க் குவிந்தார்கள். குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. பெர்த் நகருக்குப் பக்கத்து மலைகளில் முண்டாரிங் என்ற இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து 530 கிலோமீட்டர் தூரம் எஃகுக் குழாய் போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடலாம் என்றார் தலைமைப் பொறியாளர் சி.ஒய். ஓ'கானர். குழாயின் உள்விட்டம் 30 அங்குலம், வழியில் எட்டு நீராவிப் பம்பு நிலையங்கள், நாளொன்றுக்கு 50 லட்சம் காலன். 1903 ஜனவரியில் திட்டம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க ஓ'கானர் இல்லை. பத்து மாதம் முன்பே இறந்திருந்தார்.

தங்கவயல், அணையைவிட ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் ஏற்றும் பம்பு இருந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குழாய் முழுக்கச் சமதளத்தில் கிடந்தாலும் பம்பு வேண்டும். ஓடும் நீர் குழாயின் சுவரோடும் தனக்குள்ளேயும் உராய்ந்துகொண்டே போகிறது, அந்த உராய்வு அழுத்தத்தைத் தின்கிறது. தின்னப்பட்ட அழுத்தத்தைப் பொறியாளர்கள் மீட்டர் கணக்கில் சொல்வார்கள். பத்து மீட்டர் இழப்பு என்றால், அந்தத் தண்ணீரைப் பத்து மீட்டர் தூக்கிவிட ஆகும் சக்தி வழியிலேயே போய்விட்டது என்று பொருள். நீண்ட குழாயில் இந்த இழப்பு, ஏற வேண்டிய மேட்டோடு போட்டி போடும் அளவுக்கு வளரும். குழாய் போடும் முன்பே அதைக் கணித்தாக வேண்டும்.

இன்று இதற்கு நம் ஊர்க் குடிநீர்த் திட்டங்களிலும் அதிகம் பயன்படுவது ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம். ஆலன் ஹேசன், கார்ட்னர் வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1905-இல் அட்டவணைகளாக வெளியிட்டது. ஓ'கானரின் ஆட்கள் அதற்கு முந்தைய சூத்திரங்களால் கணக்குப் போட்டவர்கள். ஆகவே இனி வரும் எண்கள் அவர்கள் போட்டவை அல்ல, அதே குழாயை இந்தச் சூத்திரத்தில் வைத்து நான் போட்டுப் பார்த்தவை.

```
hf = 10.67 × L × Q^1.852 / (C^1.852 × D^4.87)
```

hf இழக்கும் உயரம், L குழாயின் நீளம், D உள்விட்டம், எல்லாம் மீட்டரில். Q ஒரு விநாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் என்பது. மிச்சம் இருக்கும் C-தான் இந்தக் கட்டுரையின் ஆசாமி. அது எந்த இயற்பியல் விதியிலிருந்தும் பிறந்ததல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பல குழாய்களில் நீரையும் அழுத்தத்தையும் அளந்து, கணக்கு சரியாக வரும்படி பின்னாலிருந்து எடுத்த எண். வழவழப்பான குழாய்க்குப் பெரிய எண், சொரசொரப்பானதற்குச் சின்ன எண். புது வார்ப்பிரும்புக்கு 130, ஓரளவு பழையதற்கு 100, துருப்பிடித்துக் கிடப்பதற்கு 80 அல்லது அதற்கும் கீழே.

கூல்கார்டி குழாயில் நாளைக்கு 50 லட்சம் காலன் என்பது விநாடிக்குச் சுமார் 0.263 கனமீட்டர். நீர் விநாடிக்கு 58 சென்டிமீட்டர் வேகத்தில் போகும், நிதானமாக நடப்பவர் அதை முந்திவிடலாம். C-க்கு 130 போட்டால் கிலோமீட்டருக்கு 0.41 மீட்டர் இழப்பு வருகிறது. கேட்க ஒன்றுமில்லாத எண், ஆனால் 530 கிலோமீட்டருக்கு அது 218 மீட்டர்.

அந்தக் காலத்துப் பெரிய எஃகுக் குழாய்களைத் தகடு வளைத்து ரிவெட் அடித்துச் செய்வது வழக்கம். ரிவெட் தலைகள் உள்ளே வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்பர்னைச் சேர்ந்த மெஃபன் ஃபெர்குசன் வேறொரு வழி வைத்திருந்தார். இரண்டு அரைவட்டத் தகடுகளின் ஓரங்களை நீளவாக்கில் ஒரு பூட்டுச் சட்டத்துக்குள் செருகி, சட்டத்தை அழுத்தி இறுக்கிவிடுவார். ரிவெட்டே கிடையாது. கூல்கார்டிக்குத் தேர்வானது இந்தக் குழாய்தான். ரிவெட் குழாய்க்குப் புதிதிலேயே C சுமார் 110 என்பார்கள். அதைப் போட்டால் இழப்பு 297 மீட்டராகிறது. ரிவெட் தலைகளை ஒழித்ததில் மட்டும் ஏறக்குறைய எண்பது மீட்டர் மேடு குறைந்திருக்கிறது என்றால், உட்பரப்பு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பது தெரியும்.

அதே குழாய்க்கு வயதாகி C 100-க்கு இறங்குகிறது என்று வைப்போம். அதே அளவு நீரைத் தள்ள 354 மீட்டர் வேண்டும். 80-க்கு இறங்கினால் 536. எண் 130-லிருந்து 100-க்கு வந்தால் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தானே இறங்கியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் இழப்பு 63 சதவீதம் கூடிவிட்டது. சூத்திரத்தில் C-யின் மேல் உட்கார்ந்திருக்கும் 1.852 செய்கிற வேலை இது. மறுபக்கம், பம்பு தரும் அழுத்தம் கூடாமல் உராய்வுக்கு அதே 218 மீட்டர்தான் ஒதுக்க முடியும் என்றால், நீரின் அளவு C குறைந்த விகிதத்திலேயே குறையும், அதாவது 23 சதவீதம். நடைமுறையில் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும்: நீர் குறையக் குறையப் பம்பு தரும் அழுத்தம் சற்றுக் கூடும், இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் ஓட்டம் நிலைக்கும்.

குழாய்க்கு உள்ளே அப்படி என்ன நடக்கிறது? பூச்சில்லாத இரும்பில் தண்ணீர் எல்லா இடத்தையும் சமமாக அரிப்பதில்லை. ஓரிடத்தில் சின்னப் பள்ளம் விழுந்து இரும்பு கரையத் தொடங்குகிறது. கரைந்த இரும்பு வெளியே வந்து நீரிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாக மாறி, பள்ளத்தின் மேலேயே மூடிபோல் படிகிறது. மூடிக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாது, ஆனால் அரிப்பு நிற்காமல் இன்னும் மும்முரமாகும். இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் கை கொடுக்கும். கரைந்த இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் அடைக்கும், ஆகவே பள்ளத்தைவிட அதன் மேலுள்ள முண்டு பெரிதாகிறது. வருடங்கள் ஓட, குழாயின் உட்புறம் முழுக்க ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயரத் துரு முண்டுகள் எழும்பிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் ஓடும் குழாய்களில் இது வேகமாக நடக்கும்.

முண்டு இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. துவாரம் சுருங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் கெடுதல். 762 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் 25 மில்லிமீட்டர் அடைத்துக்கொண்டால், அதனால் மட்டுமே கொள்ளளவு 16 சதவீதம் போகும். மற்றது நுட்பமானது. ஓடும் நீரில் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலம் சுழிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. நாம் பேசும் குழாயில் அது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். புதுக் குழாயின் சின்னச் சொரசொரப்பு அந்தப் படலத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும், ஓட்டத்துக்குத் தெரியாது. முண்டோ அதைவிட ஐம்பது, நூறு மடங்கு உயரம். ஒவ்வொரு முண்டுக்குப் பின்னாலும் ஒரு சுழல், ஒவ்வொரு சுழலுக்கும் கொஞ்சம் சக்தி. C அளக்கும்போது கைக்குக் கிடைப்பது இந்த இரண்டு கெடுதலும் கலந்த எண், ஏனென்றால் கணக்கில் பழைய விட்டத்தையே போடுகிறோம். சின்னக் குழாய்கள் சீக்கிரம் மூப்படைவதும் இதனால்தான்: ஒரு சென்டிமீட்டர் முண்டு 30 அங்குலக் குழாயில் ஒரு தொல்லை, 4 அங்குலக் குழாயில் பேரழிவு.

குழாயை வெட்டிப் பார்க்காமலே C-யைக் கண்டுபிடிக்கலாம். கிளை எதுவும் திறந்திராத ஒரு நீளத்தைத் தேர்ந்து, இரு முனையிலும் பிரஷர் கேஜ் மாட்டி, ஓட்டத்தை அளக்க வேண்டும். உதாரணத்துக்கு 10 கிலோமீட்டர் நீளம். ஒரு முனை 342 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கேஜ் காட்டுவது 61 மீட்டர், கூட்டினால் 403. மறுமுனை 355 மீட்டரில், கேஜ் 39.6, கூட்டினால் 394.6. வித்தியாசம் 8.4 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 0.84. 130 இருந்திருந்தால் 0.41-தான் வந்திருக்க வேண்டும். திருப்பிக் கணக்குப் போட்டால் C சுமார் 88. இதையே ஐந்நூறு மீட்டர் நீளத்தில் செய்தால் ஒன்றும் தேறாது. மொத்த இழப்பே அரை மீட்டருக்குள் அடங்கிவிடும், கேஜின் பிழை அதை விழுங்கிவிடும்.

88 என்று வந்ததும் குழாய் துருப்பிடித்தது என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது, பலர் தடுக்கி விழும் இடம் இது. C ஒரு குப்பைத்தொட்டி எண். பாதி மூடிக் கிடக்கும் வால்வு, மேட்டில் சிக்கிய காற்று, தாழ்வில் தேங்கிய மண் என்று காரணம் எதுவானாலும் அதில் போய் விழும். ஆகவே நடுவில் இன்னும் சில இடங்களில் அழுத்தம் அளந்து, தூரத்துக்கு எதிராக ஒரு கோடு வரைய வேண்டும். துரு என்றால் கோடு முழுநீளத்துக்கும் சீராகச் சரியும். வால்வு என்றால் ஓரிடத்தில் படிக்கட்டுபோல் திடீரென்று விழும். காற்று என்றால் ஓட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்: உராய்வு இழப்பு கால்பங்குக்குச் சற்று மேல் நிற்க வேண்டும், ஆனால் காற்றால் வரும் இழப்பு அவ்வளவு எளிதில் குறையாது. ஒரு வால்வைத் திறந்தால் தீர்கிற பிரச்சினைக்குக் குழாயையே மாற்றத் திட்டம் போடுவது நடக்காத விஷயமல்ல.

உண்மையிலேயே துரு என்றால் சுரண்டி எடுக்கலாம், எண்ணும் உடனே ஏறும். ஆனால் சுரண்டியதும் புது இரும்பு தண்ணீருக்கு முகம் காட்டுகிறது, முண்டுகள் விரைவிலேயே மறுபடி முளைக்கும். அதனால் சுரண்டிய கையோடு சிமென்ட் சாந்து பூசுவார்கள். சிமென்ட்டின் காரத்தன்மை இரும்பை அரிக்க விடாது. கூல்கார்டி குழாய்க்கும் பிற்காலத்தில் இந்த வைத்தியம் நடந்தது. மண்ணுக்கடியில் புதைத்திருந்த குழாயின் பல பகுதிகளை வெளியே எடுத்துத் தரைக்கு மேல் போட்டார்கள், மண்ணின் உப்பு வெளிப்புறத்தையும் தின்றுகொண்டிருந்ததால். பூச்சால் துவாரம் குறையுமே என்று தோன்றலாம். சுற்றிலும் 12 மில்லிமீட்டர் பூசினால் விட்டக் குறைவால் 8 சதவீதம் போகும். ஆனால் C 80-லிருந்து 130-க்கு ஏறுவது 62 சதவீதம் கொடுக்கும். இரண்டையும் சேர்த்தால், ஒடுங்கிய குழாயில் ஒன்றரை மடங்கு தண்ணீர் போகிறது.

இந்தச் சூத்திரத்தை எங்கே நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண வெப்பநிலையில் ஓடும் தண்ணீருக்கு மட்டுமே அது. எண்ணெய்க்கோ கொதிநீருக்கோ போட்டால் பொய் சொல்லும். மிகச் சொரசொரப்பான குழாயில் வேகம் கூடினால் C-யே சற்று இறங்கும், ஆகவே குறைந்த ஓட்டத்தில் அளந்த எண்ணை அதிக ஓட்டத்துக்கு அப்படியே போடக் கூடாது. துல்லியம் வேண்டுவோர் டார்சி–வைஸ்பாக் முறைக்குப் போவார்கள்.

புதுக் குழாய் போடும்போது எந்த எண்ணை எடுப்பது? மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி நூல் புது வார்ப்பிரும்புக்கு 130 என்று காட்டிவிட்டு, வடிவமைக்கும்போது 100 போடச் சொல்கிறது. முதுமைக்காக இப்போதே இடம் விட்டுவைப்பது அது, நல்லதுதான். ஆனால் முதல் சில ஆண்டுகள் குழாய் உண்மையில் 130-ல்தான் இருக்கும். உராய்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதால் பம்பு திட்டமிட்டதைவிட அதிக நீரைத் தள்ளும், பல பம்புகளில் மோட்டார் தன் அளவை மீறிச் சுமை இழுக்கும். உடனே இயக்குபவர் வால்வைக் கொஞ்சம் மூடுவார், அப்படி மூடிய வால்வில் மின்சாரம் வெறும் சுழலாகக் கரையும். எனவே பம்பு வாங்கும் முன் 100-க்கும் 130-க்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டு முனையிலும் மோட்டார் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.