படிவம் 16 மட்டும் போதுமா? விடுபட்ட வருமானத்தைக் காட்டிக் கொடுக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை

திருவனந்தபுரம்: நிறுவனம் வழங்கும் படிவம் 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வோர், தங்கள் வருமானத்தின் ஒரு பகுதியை அறியாமலேயே விட்டுவிட நேரிடுகிறது. அதே விவரங்கள் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில், அதாவது ஏஐஎஸ்-இல், ஏற்கனவே பதிவாகியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு உள்ளவர்களுக்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 டிசம்பரில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வாயிலாக நினைவூட்டல்களை அனுப்பியது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

படிவம் 16 என்பது ஒரு நிறுவனம் தான் கொடுத்த சம்பளத்துக்கும், அதில் பிடித்த வரிக்கும் தரும் சான்று. ஊழியரின் வங்கி வட்டியோ, பங்கு ஈவுத்தொகையோ, முந்தைய நிறுவனத்தின் சம்பளமோ ஊழியர் தாமாகத் தெரிவித்தால் ஒழிய அதில் இடம்பெறாது. 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ், ஒருவரின் பான் எண்ணுடன் இணைந்த தகவல்களைப் பல நிறுவனங்களிடமிருந்தும் வங்கிகளிடமிருந்தும் பெற்று ஒரே இடத்தில் தொகுக்கிறது.

வேலை மாறியவரின் கணக்கு

தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் அடிக்கடி நிறுவனம் மாறும் கழக்கூட்டம் டெக்னோபார்க் போன்ற இடங்களில் இச்சிக்கல் எளிதில் எழக்கூடியது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

ஓர் ஊழியர் 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் நிறுவனத்தில் 4.80 லட்சம் ரூபாய் பெற்றார். முழு ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு வரி பிடித்த அந்நிறுவனம், ஆறு மாதங்களில் 20,020 ரூபாயைச் செலுத்தியது. அக்டோபரில் சேர்ந்த இரண்டாவது நிறுவனம் மார்ச் வரை 6 லட்சம் ரூபாய் கொடுத்தது. முந்தைய சம்பளம் குறித்து அதற்குத் தெரியாது. எனவே 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக எஞ்சிய 5.25 லட்சத்துக்குப் புதிய வரி முறையின் தள்ளுபடியைக் கணக்கிட்டு, வரியே பிடிக்கவில்லை.

கையில் இருக்கும் இரண்டாவது படிவம் 16-ஐ மட்டும் பார்த்தால் வரி பூஜ்யம். ஆனால் ஏஐஎஸ்-இல் 'TDS/TCS Information' பகுதியில் இரு நிறுவனங்களின் சம்பளமும் தெரியும். 'SFT Information' பகுதியில் சேமிப்புக் கணக்கு வட்டி 6,000 ரூபாயும், வைப்புத்தொகை வட்டி 32,000 ரூபாயும் இருக்கும். அந்த ஆண்டில் 40,000 ரூபாயைத் தாண்டாத வைப்பு வட்டிக்கு வங்கி வரி பிடிப்பதில்லை. வரி பிடிக்காததால் அது வருமானம் ஆகாமல் போய்விடாது.

அனைத்தையும் கூட்டி, நிலைக்கழிவை ஒரே முறை மட்டும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 10.43 லட்சம். 2024-25 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி, கூடுதல் தீர்வையுடன் வரி 58,708 ரூபாய். ஏற்கனவே பிடித்த 20,020 ரூபாய் போக, ஊழியர் 38,688 ரூபாயும் அதற்கான வட்டியும் செலுத்த வேண்டும். வேலையில் சேர்ந்தபோதே படிவம் 12பி வழியாக முந்தைய சம்பளத்தைத் தெரிவித்திருந்தால், பெரும்பகுதி மாதந்தோறும் பிடிக்கப்பட்டிருக்கும்.

எப்போது, எப்படி ஒப்பிடுவது?

நிறுவனங்களின் கடைசிக் காலாண்டு அறிக்கைக்கும், வங்கிகளின் வட்டித் தகவலுக்கும் மே 31 கெடு. படிவம் 16 ஜூன் 15-க்குள் வழங்கப்பட வேண்டும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் பார்க்கும் ஏஐஎஸ் முழுமையாக இராது. ஜூன் நடுப்பகுதிக்குப் பின் பார்ப்பதே உகந்தது.

incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து அறிக்கையைப் பதிவிறக்கலாம். சிறிய எழுத்தில் பான் எண்ணும், அதைத் தொடர்ந்து பிறந்த தேதியும் அந்தக் கோப்பின் கடவுச்சொல். முதலில் சம்பளம் கொடுத்தவர்களை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையும் கையிலுள்ள படிவம் 16-களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். அடுத்து, பிடித்த வரித் தொகையைப் படிவம் 16-இன் முதல் பகுதியுடன் ஒப்பிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரி அறிக்கையில் இல்லையெனில், நிறுவனம் தன் அறிக்கையைத் திருத்தும்படி கேட்க வேண்டும். பின்னர் வட்டி, ஈவுத்தொகை ஆகியவற்றை வங்கிக் கணக்கு அறிக்கையுடன் சரிபார்க்கலாம்.

அறிக்கையே தவறாக இருந்தால்?

ஒரே வட்டி இருமுறை பதிவாவதும், கூட்டுக் கணக்கின் முழு வட்டியும் ஒருவர் பெயரில் வருவதும் உண்டு. அப்பதிவின் அருகிலேயே கருத்துத் தெரிவிக்கும் வசதி உள்ளது. தகவல் தந்த நிறுவனத்திடம் அது உறுதிப்படுத்தலுக்கு அனுப்பப்படலாம். அதேவேளை, ரொக்கமாகப் பெறும் வீட்டு வாடகை போன்றவை ஏஐஎஸ்-இல் இடம்பெறாமல் போகலாம். அதில் இல்லை என்பதற்காக அவற்றைக் கணக்கில் விட முடியாது.

தாக்கல் செய்த பின் விடுபட்டது தெரிந்தால், 2024-25 நிதியாண்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை திருத்திய கணக்கு அளிக்க வாய்ப்பு இருந்தது. அதன் பிறகு புதுப்பித்த கணக்கு மட்டுமே வழி. அதில் வரி, வட்டி ஆகியவற்றின் மீது குறைந்தபட்சம் 25 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும்.