மேடைக்கு வந்து சேராத படம்

கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்குப் படம் அனுப்பும் லேப்டாப்போ வீடியோ மிக்ஸரோ மண்டபத்தின் மறுகோடியில், சவுண்ட்காரரின் மேசையில் இருக்கும். நடுவே ஓடுவது ஒரு நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிள். 2 மீட்டர் கேபிளில் போட்டுப் பார்த்தபோது பளிச்சென்று வந்த படம் 30 மீட்டர் கேபிளில் சில சமயம் வரவே வராது. சில சமயம் வரும், ஆனால் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். சில சமயம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீர் திடீரென இருண்டு மீளும். எல்லாவற்றுக்கும் “கேபிள் போச்சு” என்பதுதான் தீர்ப்பு. ஆனால் இவை வேறு வேறு கோளாறுகளாக இருக்கலாம். எக்ஸ்டெண்டர் வாங்கினால் தீருமா என்பது எந்தக் கோளாறு என்பதைப் பொறுத்தது.

ஹெச்டிஎம்ஐ முனையில் 19 பின்கள் உண்டு. அவற்றில் 12 பின்கள் நான்கு ஜோடிக் கம்பிகளுக்கும் அவற்றின் கவசங்களுக்கும் உரியவை. மூன்று ஜோடிகள் படத்தையும் ஒலியையும் சுமக்கின்றன, நான்காவது அவற்றுக்குத் தாளம் போடுகிறது. மிச்சமிருக்கும் பின்களில் இரண்டு, லேப்டாப்பும் திரையும் தமக்குள் பேசிக்கொள்வதற்கான மெதுவான கம்பிகள். அவற்றைப் பற்றிப் பிறகு.

வினாடிக்கு 60 பிரேம் கொண்ட 1080பி படத்துக்கு, ஒவ்வொரு ஜோடியிலும் வினாடிக்கு 148.5 கோடி பிட்டுகள் போகின்றன. அந்த வேகத்தில் ஒரு பிட் கம்பிக்குள் பிடிக்கும் இடம் சுமார் 14 சென்டிமீட்டர்தான். அதாவது 30 மீட்டர் கேபிளில் எந்த நொடியில் பார்த்தாலும் ஒரு ஜோடிக்குள் 200க்கும் மேற்பட்ட பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இதே 60 பிரேமில் 4கே என்றால் வேகம் நான்கு மடங்கு, ஒரு பிட்டின் இடம் 3.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் செம்புக் கம்பியின் உள்ளே முழுதும் பாய்வதில்லை, மேல்தோலில் மட்டுமே ஓடுகிறது. 1080பி வேகத்தில் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 400இல் ஒரு பங்கு. கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. இரண்டு இழப்புகளும் வேகமான மாற்றங்களையே அதிகம் தாக்கும். அதனால் படம் வெறுமனே பலவீனமாவதோடு நிற்பதில்லை, பிட்டுகளின் கூர்மை மழுங்கி ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படிகிறது. எதிரொலிக்கும் மண்டபத்தில் மைக்கில் வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் கடைசி அடுத்த சொல்லின் முதலோடு குழம்புமே, அதே கதை. மெதுவாகப் பேசினால் அதே மண்டபத்தில் புரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மறுமுனையில் இருக்கும் சில்லு ஒவ்வொரு பிட்டையும் ஒன்றா பூஜ்யமா என்று தீர்மானித்தாக வேண்டும். தப்பாகத் தீர்மானித்தால் திருத்துவதற்கு வழியில்லை. படத்தின் புள்ளிகளை இந்த முறையில் மறுபடி அனுப்பச் சொல்லவும் முடியாது. தப்பிய பிட் அந்த இடத்தில் தப்பான நிறப் புள்ளியாக விழுகிறது. அந்த வெள்ளை மினுக்கல் அதுதான். கேபிள் இன்னும் கொஞ்சம் நீண்டால் தாளமே பிடிபடாமல் திரை ‘No Signal’ என்று எழுதிவிடும். பழைய விஜிஏ கேபிளில் நீளம் கூடக் கூடப் படம் மங்கி, நிழல் விழுந்து எச்சரிக்கும். ஹெச்டிஎம்ஐ கடைசி வரை முழுப் படம் காட்டிவிட்டுச் சட்டென்று கைவிட்டுவிடும்.

எத்தனை மீட்டர் வரை ஓடும் என்று ஹெச்டிஎம்ஐ தரவிதி எதையும் சொல்வதில்லை. மறுமுனையில் சிக்னல் எந்தத் தரத்தில் வந்து சேர வேண்டும் என்பதையே அது வரையறுக்கிறது. நடைமுறையில், சாதாரணச் செம்புக் கேபிள் 60 பிரேம் 4கேயை 5 மீட்டர் வரை நம்பிக்கையாகக் கொண்டுபோகும். 1080பியை, கம்பி தடிமனாக இருந்தால், 10 முதல் 15 மீட்டர் வரை கொண்டுபோகும். தடிமன் உதவுவதற்குக் காரணம் அந்த மேல்தோலின் சுற்றளவு கூடுவதுதான். இரண்டு 10 மீட்டர் கேபிள்களை நடுவில் ஜாயிண்டர் போட்டு இணைப்பது 20 மீட்டர் ஒற்றைக் கேபிளை விட மோசம். அந்த இணைப்பில் சிக்னலின் ஒரு பங்கு பட்டுத் திரும்பும்.

இனி மெதுவான கம்பிகள். கேபிளைச் செருகியதும் லேப்டாப் அவற்றின் வழியாகத் திரையிடம் “நீ யார், என்னென்ன அளவுகளில் காட்டுவாய்?” என்று கேட்கிறது. திரை தரும் விவரத்துக்கு ஈடிஐடி என்று பெயர். காப்புரிமைப் படங்களுக்கான ஹெச்டிசிபி என்ற பூட்டுச் சாவிப் பரிமாற்றமும் இதே கம்பிகளில்தான் நடக்கிறது. வேகம் குறைவு என்பதால் இவற்றுக்கு மேல்தோல் பிரச்சினை இல்லை. ஆனால் நீளமான கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டராகிவிடுகிறது. கேபிளுக்குத் தரவிதி அனுமதிக்கும் உச்சவரம்பு 700 பிகோபாரட். அதைத் தாண்டினால் மின்னழுத்தம் உரிய நேரத்தில் மேலே ஏறாமல் பேச்சு குளறும். பெயர் தெரியாத திரைக்கு லேப்டாப் ஏதோ ஒரு சிறிய அளவில் படம் அனுப்பும், அல்லது எதுவுமே அனுப்பாது. சாவிப் பரிமாற்றம் குளறினால் வேறு விதம். பழைய ஹெச்டிசிபி பதிப்புகள் ஏறத்தாழ 2 வினாடிக்கு ஒருமுறை பூட்டைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் படத்தை வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில வினாடி இடைவெளியில் ஒழுங்காகக் கண்சிமிட்டும் திரையைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மேசையிலிருந்து மேடைக்கு நேராக அளந்தால் 24 மீட்டர். கேபிள் நேராக ஓடாது. மேசையிலிருந்து இறங்கி, சுவரோரம் போய், தூணைச் சுற்றி, மேடைக்குப் பின்னால் ஏறி எல்இடி கன்ட்ரோலரை அடையும்போது 33 மீட்டர் ஆகிவிட்டது. 35 மீட்டர் கேபிள் போட்டார்கள், படம் இல்லை. முதல் வேலை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கன்ட்ரோலர் பக்கத்திலேயே போய் 2 மீட்டர் கேபிளில் இணைத்துப் பார்ப்பது. படம் வந்தது, ஆகவே கருவிகள் நலம். பிறகு நீளக் கேபிளை மாட்டி, லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டாவது திரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெயரோடு 1920 × 1080 என்ற அளவும் தெரிந்தது. மெதுவான கம்பிகளும் பிழைத்திருக்கின்றன. கடைசியாக அளவை 720பிக்கு இறக்கினார்கள். பிட் வேகம் சரிபாதியாகும். படம் வந்தது, அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளோடு. இழுத்து அடைக்கும் கோளாறு தூரம்தான் என்பது இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு இடைச்செருகல். அந்த மேடையில் இருந்தது 3.91 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட எல்இடி திரை. அரை மீட்டர்ப் பலகை ஒன்றுக்கு 128 விளக்குப் புள்ளிகள். 4 மீட்டர் அகலத் திரை என்றால் குறுக்கே 1,024 புள்ளிகள்தான் இருக்கின்றன. 1,280 புள்ளி அகலமுள்ள 720பி படமே அதற்கு அதிகம். 4கே லேப்டாப், 4கே கேபிள் என்று செலவழிப்பது அந்தத் திரையில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே 20 மீட்டர் சுற்றளவிலான ஓட்டத்தில் அளவைக் குறைத்ததுமே படம் சுத்தமாக வந்தால், எக்ஸ்டெண்டரே வேண்டாம். இந்த மண்டபத்தில் குறைத்த பிறகும் புள்ளிகள் மிஞ்சின, எனவே வேண்டியிருந்தது.

கடையில் எக்ஸ்டெண்டர் என்ற ஒரே பெயரில் வேறு வேறு பொருள்கள் கிடைக்கும். தீப்பெட்டி அளவில் கேபிளின் நடுவே மாட்டும் பூஸ்டர், மழுங்கிய சிக்னலைக் கூர்தீட்டி அனுப்புகிறது. 15, 20 மீட்டர் ஓட்டங்களில் இது கைகொடுக்கும். ஏற்கெனவே குழம்பி அழிந்துபோன பிட்டை அதனால் மீட்க முடியாது, ஆகவே 35 மீட்டர் கேபிளின் கடைசியில் மாட்டிப் பயனில்லை.

கேட்-6 நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஹெச்டிபேஸ்டி வகை வேறு. அது ஹெச்டிஎம்ஐ சிக்னலை அப்படியே நீட்டுவதில்லை. அனுப்பும் பெட்டி அதைப் பிரித்து வேறு குறியீட்டில் மாற்றி அனுப்ப, வாங்கும் பெட்டி மறுபடி ஹெச்டிஎம்ஐயாக உருவாக்குகிறது. ஈடிஐடி, ஹெச்டிசிபி பேச்சுகளும் தரவாக மாறிப் போவதால் கெபாசிட்டர் தொல்லையும் சேர்ந்தே தீர்கிறது. முழு வகை 100 மீட்டர் போகும். விலை குறைந்த வகை 1080பிக்கு 70 மீட்டர், 4கேக்கு அதில் ஏறக்குறைய பாதி. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 1080பி தூரம். இதன் கேபிளை நெட்வொர்க் சுவிட்ச் வழியாக விடக்கூடாது. செருகி ஒரே மாதிரி இருந்தாலும் இது ஈதர்நெட் அல்ல. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேட்-6 இங்கே காலை வாரிவிடும், முழுச் செம்பு வேண்டும். மிச்ச நீளத்தை நெருக்கமாகச் சுருட்டிக் கட்டி வைப்பதும் கூடாது, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று பாதிக்கும்.

சுவிட்ச் வழியாகப் போகக்கூடிய ஐபி எக்ஸ்டெண்டர்களும் உண்டு. அவை படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சற்றுத் தாமதம் வரும். போட்டோ ஓட்டத்துக்கு அது குறையே இல்லை. மேடையை நேரலையாகக் காட்டும்போது மட்டும், தாலி கட்டி முடித்த பிறகு திரையில் கட்டுவார்கள்.

ஒளியிழை கொண்ட ஹெச்டிஎம்ஐ கேபிள் பெட்டிகள் இல்லாமலே 30, 50 மீட்டர் போகும், 4கேயும் போகும். ஆனால் அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனையை லேப்டாப்பில்தான் மாட்ட வேண்டும், மாற்றி மாட்டினால் படம் வராது. சுவருக்குள் ஒருமுறை புதைத்துவிடும் அரங்குகளுக்கு இது அருமையான தேர்வு. தினமும் சுருட்டி வண்டியில் ஏற்றும் வாடகைத் தொழிலுக்கு நான் கேட்-6ஐத்தான் சொல்வேன். அதன் முனை உடைந்தால் வெட்டிப் புதிது போடலாம், ஒளியிழைக் கேபிள் உடைந்தால் முழுதும் குப்பை. வீடியோ குழுவினர் பலர் எஸ்டிஐ கன்வெர்ட்டர் வைத்துக் கோஆக்சியல் கேபிளில் அனுப்புவதும் இதே கணக்கில்தான். ஆனால் ஹெச்டிசிபி பூட்டுள்ள படத்தை அந்த வழி ஏற்காது.

பூட்டுக் கோளாறுக்கு எக்ஸ்டெண்டர் எப்போதும் மருந்தல்ல. போட்டோக்கள் ஓடி, ஏதோ ஒரு ஓடிடி படம் மட்டும் இருண்டால், பக்கத்தில் 2 மீட்டர் கேபிளிலும் அதையே போட்டுப் பாருங்கள். அங்கும் இருண்டால் கன்ட்ரோலருக்கு அந்தப் பூட்டு புரியவில்லை என்று பொருள், தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் படம் சில வினாடி போய் வந்தால், வாங்கும் பெட்டியின் அடாப்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், பெட்டி அணைந்து எழுந்து பேச்சை முதலிலிருந்து தொடங்கும். அதற்கு ஒரு சிறிய யூபிஎஸ் போதும்.

அந்த 33 மீட்டர் மண்டபத்தில் கடைசியில் போட்டது 70 மீட்டர் வகை ஹெச்டிபேஸ்டி ஜோடியும் முழுச் செம்புக் கேட்-6ம். 1080பி சுத்தமாக வந்தது. வாங்கும் பெட்டியைக் கன்ட்ரோலரின் மேலேயே வைத்து, இரண்டுக்கும் நடுவே 1 மீட்டர் ஹெச்டிஎம்ஐ மட்டும் விட்டார்கள். மிச்சமிருந்த பழைய 15 மீட்டர் கேபிளை அந்த இடத்தில் போட்டிருந்தால், கேட்-6 காப்பாற்றிக் கொண்டுவந்ததை அது அங்கேயே மறுபடி மழுங்கடித்திருக்கும்.