உருகும்போது சூடு எங்கே போகிறது? ஏழு கேள்விகளில் ஒரு மீள்பார்வை

திண்மம், நீர்மம், வாயு என்ற மூன்று நிலைகளையும் நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். தேர்வு நேரத்தில் பிள்ளைகள் அதை மறுபடி புரட்டும்போது பெரும்பாலும் வரையறைகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் சரியா தவறா என்று கேட்டாலோ, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னாலோ, வரையறை தெரிந்தவர்களும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு பொருள் நிலை மாறும்போது அதற்குள் போகும் வெப்பம் என்ன ஆகிறது என்பதே அது. கீழே உள்ள ஏழு கேள்விகளும் அந்த ஒரே இடத்தைச் சுற்றி வருபவை. ஒரு தாளில் விடைகளை எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. தூய பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் வரை, வெப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் அதன் வெப்பநிலை உயராது. (சரி / தவறு)

2. 0 டிகிரியில் உள்ள பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், அதே எடையுள்ள 0 டிகிரி நீரை ஏறத்தாழ ______ டிகிரி வரை சூடாக்கப் போதும்.

3. கொதிக்கும் நீருக்கு அடியில் தீயைக் கூட்டினால் நீரின் சூடு இன்னும் ஏறும். (சரி / தவறு)

4. ஊட்டியில் நீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கக் காரணம் அங்கு காற்றின் ______ குறைவாக இருப்பது.

5. நீர் ஆவியாக வேண்டுமானால் அது 100 டிகிரியை எட்டியாக வேண்டும். (சரி / தவறு)

6. குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவது ______ என்னும் நிலைமாற்றம்.

7. கற்பூரம் பதங்கமாகும் பொருள். எனவே அது உருகாது. (சரி / தவறு)

இனி விடைகளைப் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு விடை: சரி. பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. ஒரு பொருளின் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன, ஓடுகின்றன என்பதைத்தான் வெப்பநிலைமானி காட்டுகிறது. உருகும் நேரத்தில் உள்ளே போகும் வெப்பம் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை, பிடிப்பைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. அதனால் கடைசித் துண்டு கரையும் வரை, நன்றாகக் கலக்கிக்கொண்டே இருந்தால், அளவு 0 டிகிரியிலேயே நிற்கும். இப்படி வெளியே தெரியாமல் உள்ளே போய்த் தங்கும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். கேள்வியில் இருக்கும் ‘தூய’ என்ற சொல்லையும் விட்டுவிடக்கூடாது. வெண்ணெய், மெழுகு போன்ற கலவைகளுக்கு உருகுநிலை ஒரே புள்ளியில் நிற்பதில்லை. அவை மெல்ல மெல்ல இளகி, சில டிகிரி இடைவெளியில்தான் முழுதும் உருகுகின்றன.

இரண்டாம் கேள்விக்கு விடை: 80. இதை அளந்து காட்டியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்த நீர், மற்றொன்றில் அதே எடை பனிக்கட்டி. இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். அடுப்பு எதுவும் கிடையாது. சுற்றியிருந்த காற்றின் சூடுதான் இரண்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

குளிர்ந்த நீர் 33 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 40 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. பனிக்கட்டி உருகி, அந்த நீரும் அதே 40 டிகிரியைத் தொடப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அதாவது 21 அரைமணிகள். அரைமணிக்கு 7 டிகிரி ஏற்றும் அளவு வெப்பம் வந்தது என்றால், 21 அரைமணியில் வந்தது 147 டிகிரிக்கு உரிய வெப்பம். உருகிய நீரை 32-லிருந்து 40-க்குக் கொண்டுவர அதில் 8 டிகிரிக்கு உரியது போயிற்று. மீதி 139 டிகிரிக்கு உரிய வெப்பம் பனியை உருக்குவதற்கு மட்டுமே செலவானது. செல்சியஸ் கணக்கில் அது 77 டிகிரி. இன்றைய துல்லியமான கருவிகள் தரும் விடை ஏறத்தாழ 80. இரண்டு குடுவையும் ஒரு வெப்பநிலைமானியும் கொண்டு இவ்வளவு நெருங்கிவிட்டார் பிளாக்.

மூன்றாம் கேள்விக்கு விடை: தவறு. கொதிக்கும்போதும் உருகும்போது நடந்ததுதான் நடக்கிறது, இம்முறை இன்னும் பெரிய அளவில். நீர்மத்தில் மூலக்கூறுகள் இடம் மாறினாலும் ஒன்றையொன்று முற்றிலும் விட்டுவிடுவதில்லை. வாயுவாக வேண்டுமானால் அந்தப் பிடி அறவே அறுந்தாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0 டிகிரியில் ஒரு கிலோ பனிக்கட்டி. அதற்குள் நொடிக்கு 1,000 ஜூல் வெப்பம், துளியும் வீணாகாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி முழுதும் உருக ஐந்தரை நிமிடம். அந்த நீர் 0-லிருந்து 100 டிகிரிக்கு ஏற 7 நிமிடம். கொதிக்கத் தொடங்கிய நீர் முழுதும் ஆவியாகித் தீர ஏறத்தாழ 38 நிமிடம். கிட்டத்தட்ட 50 நிமிடச் சமையலில் வெப்பநிலைமானி நகர்வது நடுவில் வரும் அந்த 7 நிமிடம் மட்டுமே.

தீயைக் கூட்டினால் நீர் வேகமாக வற்றும், சூடு கூடாது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதி வந்தபின் அடுப்பைச் சிம்மில் வைத்தாலும், கொதி அடங்காத வரை, அது முன்போலவே வேகும்.

நான்காம் கேள்விக்கு விடை: அழுத்தம். சூடேறும் பாத்திரத்தில் முதலில் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. பிறகு அடியிலிருந்து புரண்டு வரும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது நீராவி. அந்த ஆவி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கி விரிய முடிந்தால்தான் குமிழி நிலைக்கும். அப்படி விரியத் தொடங்கும் வெப்பநிலையே கொதிநிலை. கடல் மட்டத்தில் அது 100 டிகிரி. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றின் அழுத்தம் குறைவு. நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு குறைவு என்பதால் அங்கே அரிசி வேக அதிக நேரம் பிடிக்கிறது. பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறு. உள்ளே அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை போகும். எனவே ‘நீர் 100 டிகிரியில் கொதிக்கும்’ என்ற வாக்கியம் எந்த அழுத்தத்தில் என்று சொன்னால்தான் முழுமையாகும்.

ஐந்தாம் கேள்விக்கு விடை: தவறு. கொடியில் காயும் துணியே இதற்குச் சாட்சி. எந்த வெப்பநிலையிலும் நீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் வேகமானவை அவ்வப்போது தப்பித்துக் காற்றில் கலந்துவிடும். கொதித்தல் நீரின் உடல் முழுவதும் நடப்பது. இந்த ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும் நடப்பது. வேகமானவை வெளியேறிவிட்டால் எஞ்சியவற்றின் சராசரி வேகம் குறையும். அதாவது மிச்சமிருக்கும் நீர் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். சுவரின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் மிகுந்த நாளில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகும். ஆகவேதான் சென்னையின் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை, வியர்வையும் காய்வதில்லை.

ஆறாம் கேள்விக்கு விடை: ஆவி சுருங்குதல். டம்ளருக்குள் இருக்கும் நீர் கசிந்து வருவதாகப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். குளிர்ந்த ரோஸ்மில்க்கை ஊற்றி வையுங்கள். வெளியே அரும்பும் துளிகள் நிறமற்றே இருக்கும். அவை காற்றிலிருந்த நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீரானவை. இந்தத் திரும்பும் பயணத்தில், ஆவியாகும்போது வாங்கிய வெப்பம் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. நீராவி பட்டால் கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவது இதனால்தான். தோலில் விழும் ஒரு கிராம் கொதிநீர் உடலின் வெப்பநிலைக்கு இறங்கும்போது தருவது ஏறத்தாழ 265 ஜூல். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராகும்போதே 2,260 ஜூலைக் கொட்டிவிட்டு, அதன்பின் அந்த 265-ஐயும் தருகிறது. மொத்தத்தில் ஒன்பது மடங்குக்கும் மேல். இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் விளிம்பை முகத்துக்கு எதிர்ப்புறமாக உயர்த்த வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஏழாம் கேள்விக்கு விடை: தவறு. திறந்து வைத்த கற்பூர வில்லை தரையை நனைக்காமலேயே தேய்ந்து மறைகிறது. திண்மம் நேராக வாயுவாகும் இந்த மாற்றம்தான் பதங்கமாதல். அதை வைத்துக் கற்பூரம் உருகவே உருகாது என்று முடிவு கட்டக்கூடாது. கற்பூரத்தை ஏற்றியபின் சுடரின் அடியைக் கவனித்தால், அது உருகித் தேங்கி நிற்பது தெரியும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 175 டிகிரி. உலர்பனி எனப்படும் திண்மக் கார்பன் டை ஆக்சைடு மட்டும் சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர்மமாவதே இல்லை. மைனஸ் 78 டிகிரியில் நேராக வாயுவாகிறது. அதையும் காற்றழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தினால் நீர்மமாக்கிவிடலாம். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் உருளைகளில் அது நீர்மமாகத்தான் அடைபட்டிருக்கிறது.

எத்தனை சரி என்பதைவிட எவை தவறின என்று பாருங்கள். 1, 2, 3 ஆகியவற்றில் பிழை என்றால் வெப்பமும் வெப்பநிலையும் மனத்தில் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. பிளாக்கின் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். 5 தவறியிருந்தால், கொதித்தலையும் ஆவியாதலையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 4, 7 தவறியிருந்தால், அழுத்தம் என்ற நிபந்தனை கண்ணில் படவில்லை என்று பொருள். 6-இல் துளி எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் ரோஸ்மில்க்கும் கால் மணி நேரமும் அதைத் தீர்த்துவிடும்.