சான்றிதழ் மொழிபெயர்ப்பு: உள்ளது உள்ளபடி

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் தமிழ்ச் சான்றிதழ்களை ஆங்கிலமாக்கித் தரும்படி என்னிடம் வருவதுண்டு. ஆங்கிலத் துறையில் பாடம் சொல்லும் எனக்கு இது எப்படியோ உபதொழிலாகிவிட்டது. (வருமானம் ஒரு காப்பியோடு சரி.) வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐயா, நோட்டரி முத்திரை வேண்டுமா?" என்பதே. முத்திரை விழுந்துவிட்டால் எல்லாம் செல்லுபடியாகும் என்பது நம்மவர் நம்பிக்கை.

சான்றளித்த மொழிபெயர்ப்பு என்பது மொழிபெயர்ப்போடு மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழியும் சேர்ந்ததாகும். மூலமும் பெயர்ப்பும் ஒன்றே என்பதற்குத்தான் அது உறுதி. மூலத்தில் உள்ள செய்தி உண்மை என்பதற்கு அன்று. யார் கையெழுத்திடலாம் என்பது பெறுகிற நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் குடிவரவுத் துறை, பெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது, தமக்கு இரு மொழியிலும் தேர்ச்சி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதித் தருவதைக் கேட்கிறது. பிரிட்டன், அவருடைய முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு முகவரி ஆகியவற்றையும் கேட்கிறது; வேண்டுமானால் அவரையே விசாரித்துக்கொள்ளலாமல்லவா? ஜெர்மனியிலோ பெரும்பாலும் நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தை நோட்டரிக்கு அளித்திருக்கிறது. ஆனால் படித்துப் பார்க்காமல் குத்திய முத்திரை, ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மேல் எதைச் சொல்லும்? ஆகவே பெறுகிற அலுவலகத்தின் விதியை முதலில் படியுங்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

இனி ஒரு மாணவரின் தாளைப் பார்ப்போம். பிரிட்டனில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. செலவுக்கான பணம் தந்தையின் வங்கிக் கணக்கில் இருந்தது. பெற்றோர் பணத்தைக் காட்டினால் அவர்களுடைய சம்மதக் கடிதத்தோடு, உறவை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அவரிடம் இருந்ததோ 2003இல் ஒரு கிராமத்தில் கையால் எழுதித் தந்த தமிழ்ச் சான்றிதழ்.

அதில் பிறந்த தேதி 3-7-2003. இதை ஒருவர் ஜூலை 3 என்பார். அமெரிக்கர் மார்ச் 7 என்பார். எனவே மாதத்தை எழுத்தில் எழுதினேன். 'வட்டம்' என்பதைத் தாலுகா என்றே எழுத வேண்டும். அகராதியைப் பார்த்து 'சர்க்கிள்' என்று எழுதியவர்களை நான் அறிவேன். ஊராட்சியைப் பேரூராட்சியாக்கினால் சரிபார்க்கும் கடிதம் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். முத்திரையில் இருந்த சொற்களையும் பெயர்த்து, அழிந்திருந்த பகுதிக்கு 'தெளிவாக இல்லை' என்று குறித்தேன்.

தந்தை பெயர் 'மு. சங்கரன்' என்றிருந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எஸ்' என்றும் தொடங்கலாம், 'எஸ்எச்' என்றும் தொடங்கலாம்; நடுவில் 'கே'யும் வரலாம், 'ஜி'யும் வரலாம். பாஸ்போர்ட்டிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்ததால் அதையே பின்பற்றி, அப்படிச் செய்ததை அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சொன்னேன். ஆனால் பாஸ்போர்ட்டில் 'மு' விரிந்து 'முத்துசாமி' என்று நின்றபோதிலும், நான் அதை விரிக்கவில்லை. தாளில் இருப்பது ஓர் எழுத்துத்தானே!

உண்மையான சிக்கல் குழந்தையின் பெயர்க் கட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு கோடு மட்டுமே. அந்நாளில் பெயர் வைக்குமுன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது வழக்கம். பின்னர் பெயரைச் சேர்க்கப் பலர் போவதில்லை. "என் பெயர்தானே ஐயா, எழுதிவிடுங்களேன்" என்றார் மாணவர். எழுதியிருந்தால் என்ன ஆகும்? மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கோடு தெரியும். கோட்டுக்கு எதிரே பெயர் நின்றால் மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார். பொய்யான ஆவணம் என்று கருதினால் விசா மறுக்கப்படுவதோடு, மறுபடி விண்ணப்பிக்கவும் ஆண்டுக்கணக்கில் தடை வரக்கூடும். கோட்டைக் கோடாகவே பெயர்த்தாலோ, அந்தத் தாள் அவரை இன்னார் மகன் என்று காட்டாது.

குறை மூலத்தில் இருக்கையில் மருந்தும் அங்கேதான். பெயரின்றிப் பதிந்த பிறப்புக்குப் பின்னர் பெயர் சேர்க்க, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. நாள் கடந்தால் தாமதக் கட்டணமும் கால வரம்பும் உண்டு. மாணவர் பள்ளிச் சான்றிதழோடு பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்தார். அவருக்குக் கிடைத்த புதிய சான்றிதழ் கணினியில் அச்சானது. தமிழும் ஆங்கிலமுமாக இருந்தது. என் மொழிபெயர்ப்புக்கு அங்கே வேலையே இல்லை. அச்சிடுமுன் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளும்படி மட்டும் சொல்லியிருந்தேன். போனவர் பார்த்தார், தந்தை பெயரில் 'கே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' இருந்தது. அங்கேயே திருத்தச் சொல்லி வாங்கி வந்தார்.